ஸ்கேன் செய்த அட்டவணையை ஸ்லைடில் திருத்தக்கூடிய, கண்ணுக்குத் தெரிகிற அட்டவணையாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் செய்த பக்கத்தை அப்படியே படமாக வெட்டி ஸ்லைடில் ஒட்டி, "கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, நானே வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேசுபவர்களை எல்லாக் கூட்டங்களிலும் பார்க்கலாம். படமாக ஒட்டினால் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, தப்பைத் திருத்த முடியாது, தேவையில்லாத பத்தியை எடுக்கவும் முடியாது. திரும்ப உருவாக்குவதுதான் வழி. அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, ஒன்று எண்களைப் பிழையில்லாமல் வெளியே எடுப்பது, இன்னொன்று ஸ்லைடில் எத்தனை வரிசை எந்த எழுத்து அளவில் கொள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது. பெரும்பாலானவர்கள் முதலாவதை அவசரமாக முடித்துவிட்டு, இரண்டாவதைச் செய்வதே இல்லை. அதனால்தான் 9 புள்ளி எழுத்தில் அட்டவணைகள் திரையேறுகின்றன.

ஒரே ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டு முழுக்கச் செய்து பார்க்கலாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் A-2 என்று ஓர் அட்டவணை உண்டு. 1901 முதல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் மொத்த மக்கள்தொகை, முந்தைய கணக்கெடுப்பிலிருந்து கூடியது அல்லது குறைந்தது, அதன் சதவீதம், ஆண், பெண் என்று போகும். தமிழ்நாட்டுக்கான பகுதியை யாரோ ஸ்கேன் செய்து நமக்கு அனுப்பியிருக்கிறார்கள், 1901 முதல் 2011 வரை 12 வரிசை, 6 பத்தி, தலைப்பு இரண்டு அடுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பக்கத்தை நேராக்குங்கள்

எழுத்துணரி மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஸ்கேனைப் பாருங்கள். சாய்ந்திருக்கிறதா? ஒரு டிகிரி சாய்வு கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும், ஆனால் 20 செ.மீ. அகலமான அட்டவணையில் அது இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே சுமார் 3.5 மி.மீ. ஏற்றத்தாழ்வு, அதாவது பொடி எழுத்து அட்டவணையில் ஏறக்குறைய ஒரு வரிசை உயரம். இடப்பக்கம் 1971 என்று ஆரம்பிக்கிற வரி வலப்பக்கம் போகும்போது 1981இன் பெண்கள் எண்ணிக்கையோடு சேர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. கிம்ப், ஃபோட்டோஷாப், ஃபோனில் இருக்கும் ஸ்கேன் செயலி, எதிலாவது நேராக்கி, அட்டவணையைச் சுற்றியிருக்கும் பக்க எண், அடிக்குறிப்பு எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். அடிக்குறிப்பில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஸ்கேன் பிடிஎஃப்பாக இருந்தால் 300 டிபிஐ அளவில் படமாக்கிக்கொள்வது நல்லது. அதற்குக் குறைந்தால் 3, 8, 6 மூன்றும் ஒன்று போலவே ஆகிவிடும். கட்டளை வரி பழக்கமானவர்களுக்கு:

```
pdftoppm -r 300 -png -f 1 -l 1 scan.pdf page
tesseract page-1.png out --psm 6 -c preserve_interword_spaces=1
```

`--psm 6` என்பது "இது ஒரே தொகுதியான எழுத்து" என்று டெசராக்ட் என்ற எழுத்துணரியிடம் சொல்வது. அது இல்லாவிட்டால் பத்தி பத்தியாகப் பிரித்துப் படித்து வரிசையைக் குலைத்துவிடும் சாத்தியம் அதிகம். இரண்டாவது அமைப்பு பத்திகளுக்கு இடையிலான இடைவெளியை விட்டுவைக்கும், அதனால் விரிதாளில் பிரிக்க எளிது. ஸ்கேன் பிடிஎஃப்பில் பல பக்கம் இருந்தால் முதல் கட்டளை உருவாக்கும் கோப்பின் பெயர் `page-01.png` என்று மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டளை வரி வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் `Data` தாவலில் `From Picture` இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் கட்டங்களாகப் பிரித்து, சந்தேகமான கட்டங்களை நிறம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லும். சந்தேகம் இல்லை என்று அது நினைக்கிற கட்டத்திலும் தப்பு இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே வருகிறது. எந்த வழியில் போனாலும் பத்தித் தலைப்புகளை மென்பொருளிடம் விடாதீர்கள். ஆறு தலைப்பைக் கையால் அடிப்பது, குழம்பி வந்த தலைப்பைத் திருத்துவதைவிட வேகமானது. சொல்லப்போனால் அட்டவணையே 30, 40 கட்டத்துக்குள் இருந்தால் முழுவதையும் கையாலேயே அடித்துவிடலாம்.

விரிதாளில் சரிபார்க்காமல் ஸ்லைடுக்குப் போகாதீர்கள்

எடுத்ததை நேரே ஸ்லைடில் ஒட்டக் கூடாது, நடுவில் ஒரு விரிதாள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஸ்லைடு அட்டவணைக்குக் கூட்டத் தெரியாது.

நம் அட்டவணையில் A ஆண்டு, B மொத்தம், C கூடியது, D சதவீதம், E ஆண், F பெண். முழு எண் இருக்கும் B, C, E, F பத்திகளில் மட்டும் காற்புள்ளி, புள்ளி இரண்டையும் கண்டுபிடித்து நீக்குங்கள் (காற்புள்ளியைப் புள்ளியாகப் படித்து 4.84.08.077 என்று கொடுப்பது சாதாரணம்). D பத்தியில் புள்ளியைத் தொடக் கூடாது, அங்கே அது தசமப் புள்ளி. 1901 இரண்டாவது வரிசையில் இருந்தால், G, H, I பத்திகளில் இந்தச் சோதனைகளைப் போடுங்கள்:

```
G2: =E2+F2-B2
H3: =B3-B2-C3
I3: =ROUND(C3/B2*100-D3,2)
```

கீழே வரை இழுத்துவிடுங்கள். எல்லாம் பூஜ்யமாக வந்தால் எண்கள் சரியாக இருப்பதற்கே பெரும்பாலும் வாய்ப்பு. இந்த அட்டவணையை நான் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான், ஒவ்வோர் எண்ணுக்கும் அதே பக்கத்தில் குறைந்தது ஒரு சாட்சி இருக்கிறது. 1901க்கு முந்தைய கணக்கு இல்லாததால் முதல் வரிசையில் C, D காலியாக இருக்கும், அங்கே G சோதனை மட்டும் போதும்.

இப்போது ஒரு தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 1981இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,84,08,077. மென்பொருள் 8ஐ 3 என்று படித்து 4,34,08,077 என்று கொடுத்துவிட்டது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் உறுத்தாது, 1971இன் 4,11,99,168க்கும் 1991இன் 5,58,58,946க்கும் நடுவில் அதுவும் பொருத்தமாகவே உட்கார்ந்திருக்கும். ஆனால் G10இல் 50,00,000 வரும், H10இல் கழித்தல் 50,00,000, அதற்கு அடுத்த வரிசையான H11இல் கூட்டல் 50,00,000. அடுத்தடுத்த இரண்டு வரிசையில் ஒரே தொகை எதிர்க்குறியோடு வந்தால், குற்றவாளி மேல்வரிசையின் மொத்தம்தான், B10. வித்தியாசம் ஐந்தில் தொடங்கிப் பின்னால் பூஜ்யமாகவே போனால் 3, 8 குழப்பம் என்று முதலில் சந்தேகப்படுங்கள், எந்த இலக்கம் என்பதையும் அந்தப் பூஜ்யங்களே சொல்லிவிடும்: 50 லட்சம் என்றால் பத்து லட்சத்தின் இடம். ஸ்கேனில் அந்த ஓர் இலக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

H பத்தி சுத்தமாக இருந்து G மட்டும் தப்பாக வந்தால் மொத்தம் சரி, ஆணிலோ பெண்ணிலோ பிழை. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்கலாம், கையால் அடித்தவர்கள் செய்யும் தப்பு இது. 6,24,05,679ஐ 6,24,05,697 என்று அடித்தால் வித்தியாசம் 18. வித்தியாசம் மிகப் பெரிதாக, உண்மையான எண்ணைவிடவே பெரிதாக வந்தால், அட்டவணையின் செங்குத்துக் கோட்டை மென்பொருள் 1 என்று படித்து முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது எண்ணின் தலையில் இருந்த சிறிய அடிக்குறிப்பு எண் கடைசி இலக்கமாகச் சேர்ந்திருக்கும்.

எல்லா அட்டவணையிலும் இப்படிச் சாட்சி இருக்காது என்பது உண்மை. கூட்டுத்தொகையே இல்லாத அட்டவணை என்றால் ஒருவர் ஸ்கேனைப் பார்த்து உரக்க வாசிக்க, இன்னொருவர் விரிதாளில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அப்புறம் ஒன்று, ஸ்கேனில் கோடு, காலி இடம், பூஜ்யம், தகவல் கிடைக்கவில்லை என்பதற்கான "கி.இ." என்று மூன்று நான்கு விதமாக இருந்தால் அவற்றை ஒன்றாக்கிவிடாதீர்கள். தகவல் இல்லை என்பதும் பூஜ்யம் என்பதும் வேறு வேறு.

எத்தனை வரிசை கொள்ளும்? கணக்கு இதுதான்

பவர்பாயின்டின் அகல ஸ்லைடு 13.33 அங்குலம் அகலம், 7.5 அங்குலம் உயரம். ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, ஆகவே ஸ்லைடின் உயரம் 540 புள்ளி. 18 புள்ளி எழுத்து என்றால் ஸ்லைடு உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரை பெரிதோ சிறிதோ இது மாறாது.

ஒரு வரிசையின் குறைந்தபட்ச உயரம் எழுத்து அளவைப்போல் சுமார் 1.2 மடங்கு, அதோடு கட்டத்தின் மேல், கீழ் விளிம்பு சேர்த்து 7.2 புள்ளி (விளிம்பு இயல்பாக மேலே 0.05, கீழே 0.05 அங்குலம்). 18 புள்ளிக்கு 21.6 கூட்டல் 7.2, 28.8 புள்ளி, அதாவது 0.4 அங்குலம். 24 புள்ளிக்கு 0.5 அங்குலம். மேலே தலைப்புக்கு 1.4 அங்குலமும் கீழே மூலக் குறிப்புக்கு 0.7 அங்குலமும் போனால் அட்டவணைக்கு மிச்சம் 5.4 அங்குலம். ஆகவே 18 புள்ளியில் 13 வரிசை, 24இல் 10 வரிசை. பத்தித் தலைப்பும் இதற்குள்தான்.

இது ஆங்கில எழுத்துக்கும் எண்களுக்குமான கணக்கு. தமிழ் எழுத்துருக்களில் மேல் கொக்கியும் கீழ்ச் சுழியும் இருப்பதால் வரி உயரம் இதைவிடக் கூடும், எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும். பத்தித் தலைப்பும் முதல் பத்தியும் தமிழாக இருந்தால் ஒன்றிரண்டு வரிசை குறைவாகவே எதிர்பாருங்கள்.

நம் அட்டவணைக்கு வருவோம். 12 வரிசை, இரண்டு அடுக்குத் தலைப்பு, மொத்தம் 14. 18 புள்ளியில் 5.6 அங்குலம் வேண்டும், இருப்பது 5.4. இந்த இடத்தில்தான் எல்லோரும் எழுத்தை 16க்கு, பிறகு 14க்கு இறக்குகிறார்கள். இறக்காதீர்கள். 18 என்பது அட்டவணை எண்களுக்கு நான் வைத்திருக்கும் தரை, மூலக் குறிப்பு மட்டும் 14 வரை போகலாம். எழுத்துக்குப் பதிலாக அட்டவணையைக் குறையுங்கள்.

குறைக்க மூன்று இடம் இருக்கிறது. முதலாவது இலக்கங்கள். 7,21,47,030 என்பதில் கடைசி 030ஐ அரங்கில் யாரும் மனதில் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை, 7.21 கோடி போதும். விரிதாளில் புதிய பத்தியில் `=ROUND(B13/10000000,2)` என்று போட்டு, கட்ட வடிவத்தை `0.00` ஆக்குங்கள். இல்லாவிட்டால் 2001இன் பெண்கள் எண்ணிக்கை 3.10 என்பது 3.1 ஆக ஒட்டிக்கொண்டு பத்தி கோணலாகிவிடும். சதவீதத்தை மட்டும் சுருக்கிய எண்ணிலிருந்து கணக்கிடவே கூடாது. 2001க்கும் 2011க்கும் இடையே உண்மையான வளர்ச்சி 15.61 சதவீதம். 6.24, 7.21 என்ற சுருக்கிய எண்களை வைத்துப் போட்டால் 15.54 வரும், ஒரே தசமத்துக்கு, அதாவது 6.2, 7.2 என்று சுருக்கியிருந்தால் 16.1 ஆகிவிடும்.

இரண்டாவது, பத்திகள். "கூடியது" என்ற பத்தியைச் சதவீதமே சொல்லிவிடுகிறது, எடுத்துவிடலாம். அதை எடுத்தவுடன் இரண்டு அடுக்குத் தலைப்பும் ஓரடுக்காகிவிடுகிறது, கட்டங்களை இணைக்கும் தொல்லையும் போய்விடுகிறது. மூன்றாவது, வரிசைகள். 1901 முதல் 1951 வரை ஒரு ஸ்லைடு, 1961 முதல் 2011 வரை இன்னொன்று, இரண்டிலும் அதே தலைப்பு வரிசை, அதே பத்தி அகலம். அகலம் மாறினால் ஸ்லைடு மாறும்போது எண்கள் குதிக்கும், அது கண்ணைப் படுத்தும். இரண்டாவது ஸ்லைடு இப்படி வரும்:

| ஆண்டு | மொத்தம் (கோடி) | வளர்ச்சி % | ஆண் (கோடி) | பெண் (கோடி) |
|---|---:|---:|---:|---:|
| 1961 | 3.37 | 11.85 | 1.69 | 1.68 |
| 1971 | 4.12 | 22.30 | 2.08 | 2.04 |
| 1981 | 4.84 | 17.50 | 2.45 | 2.39 |
| 1991 | 5.59 | 15.39 | 2.83 | 2.76 |
| 2001 | 6.24 | 11.72 | 3.14 | 3.10 |
| 2011 | 7.21 | 15.61 | 3.61 | 3.60 |

ஏழு வரிசை. 24 புள்ளியில் 3.5 அங்குலம்தான் ஆகிறது, 28 வரைகூடத் தாராளமாகப் போகலாம், தலைப்பு இரண்டு வரியாக மடங்கினாலும் இடம் இருக்கும். முழு எண்கள் யாருக்காவது வேண்டும் என்றால் அது அச்சிட்டுக் கொடுக்கும் தாளுக்கு உரியது, விரிதாள்தான் இருக்கிறதே. சுருக்கும்போது சில அட்டவணையில் ஆணும் பெண்ணும் கூட்டினால் மொத்தத்துக்கு 0.01 இடிக்கும் (இங்கே இடிக்கவில்லை). இடித்தால் எண்ணை வளைக்காமல், கீழே "சுருக்கியதால் கூட்டலில் சிறு வேறுபாடு வரலாம்" என்று ஒரு வரி போடுங்கள்.

ஒட்டுவதும் அதில் வரும் சிக்கலும்

எக்செல்லில் தேவையான கட்டங்களை நகலெடுத்து, பவர்பாயின்டில் வலது சொடுக்கி, ஒட்டும் தெரிவுகளில் `Use Destination Styles` எடுங்கள். இது ஸ்லைடின் சொந்த அட்டவணையாக வரும். `Embed` கொடுத்தால் உள்ளே ஒரு விரிதாளே வந்து உட்காரும், `Picture` கொடுத்தால் மறுபடியும் படம். லிப்ரே ஆஃபிஸில் கால்கிலிருந்து நேராக ஒட்டினால் பொதிந்த பொருளாகத்தான் வரும், `Paste Special` போய் `RTF` வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வந்தது அசல் அட்டவணையா என்று அறிய, ஏதாவது ஒரு கட்டத்தில் சொடுக்கி எழுத்து அடித்துப் பாருங்கள், கர்சர் அங்கேயே துடித்தால் சரி.

ஒட்டியவுடன் அட்டவணையின் விளிம்பைச் சொடுக்கி முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்து அளவை நீங்களே போடுங்கள். மூலையைப் பிடித்து இழுப்பதால் கட்டங்கள்தான் பெரிதாகும், எழுத்து அப்படியே இருக்கும், உரைப்பெட்டி போல இங்கே எழுத்து தானாகச் சுருங்குவதும் கிடையாது. எவ்வளவு இழுத்தும் ஒரு வரிசை மட்டும் சிறிதாக மறுத்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. காலியான கட்டத்துக்கும் ஓர் எழுத்து அளவு உண்டு, அது பழைய பெரிய அளவிலேயே நின்றுபோயிருக்கும். அல்லது எழுத்துணரியிலிருந்து வந்த ஒரு வெற்று வரி எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கட்டத்தில் End அழுத்தி Delete அடித்தால் போய்விடும்.

எண்களை வலப்பக்கம் ஒழுங்குபடுத்துங்கள், தலைப்பையும் அதே பக்கம். ஒரு பத்தியில் எல்லா எண்ணுக்கும் ஒரே அளவு தசமம் இருந்தால் புள்ளிகள் தாமாகவே நேர்கோட்டில் நிற்கும். `Table Design` தாவலில் `Header Row` தேர்வாகியிருக்கட்டும், நிறத்துக்காக மட்டும் அல்ல, திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கு எது தலைப்பு என்று அதுதான் சொல்லும். கோடுகளில் செங்குத்துக் கோடு அத்தனையையும் எடுத்துவிடலாம், பழைய அச்சு அட்டவணையின் பெட்டிப் பெட்டியான கட்டம் திரையில் எண்களோடு போட்டி போடும்.

தமிழ்த் தலைப்புகளின் எழுத்துருவை மாற்றும்போது எண்கள் மாறி, தமிழ் மாறாமல் நின்றால் பயப்பட வேண்டாம். லத்தீன் எழுத்துக்கும் தமிழ் போன்ற எழுத்துக்கும் பவர்பாயின்ட் தனித்தனி எழுத்துரு வைத்துக்கொள்கிறது. தமிழ் உரையை மட்டும் தேர்ந்தெடுத்து நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஒரு தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, "மக்கள்தொகை" ஒரு குறுகிய பத்தியில் நடுவில் உடைந்தால் படிக்கவே முடியாது. பத்தியை அகலப்படுத்துங்கள், இல்லையென்றால் "மொத்தம்" என்று சின்னச் சொல்லாக மாற்றுங்கள்.

கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இயல்பான ஸ்லைடு 10 அங்குல அகலம், 5.63 அங்குல உயரம்தான். அதனால் அங்கே 18 புள்ளி என்பது பவர்பாயின்டின் 24க்குச் சமம். மேலே சொன்ன 18 என்ற தரை அங்கே 13.5 ஆகிவிடும். ஒருவர் கூகுளிலும் இன்னொருவர் பவர்பாயின்டிலும் செய்த ஸ்லைடுகளைச் சேர்க்கும்போது "நான் 14தான் வைத்தேன், நன்றாகத் தெரிந்ததே" என்ற வாதம் வருவது இதனால்தான்.

அரங்குக்குப் போகாமலே சோதிக்க

திரையின் அகலத்துக்கும் கடைசி வரிசையின் தூரத்துக்கும் உள்ள விகிதத்தை உங்கள் மேசையில் செய்து பார்க்கலாம். திரை 2 மீட்டர் அகலம், கடைசி நாற்காலி 10 மீட்டர் தூரம் என்றால் விகிதம் ஐந்து. மடிக்கணினித் திரை 30 செ.மீ. அகலம் என்றால் ஸ்லைடை முழுத்திரையில் போட்டுவிட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, 1991 வரிசையில் பெண்கள் எத்தனை என்று வாசியுங்கள். அட்டவணையைச் செய்தவருக்கு எண்கள் மனப்பாடமாக இருக்கும் என்பதால், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்வது இன்னும் நல்லது. 2.76ஐ 2.78 என்று வாசித்தால் எழுத்து சிறிது, அல்லது வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்திருக்கிறீர்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அது இன்னும் வெளுக்கும்.

கடைசியாக, ஸ்லைடின் அடியில் மூலத்தையும் நாம் செய்த மாற்றத்தையும் எழுதுங்கள்: "மூலம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அட்டவணை A-2. எண்கள் கோடியில், இரண்டு தசமத்துக்குச் சுருக்கப்பட்டவை." முதலில் குறித்து வைத்த அடிக்குறிப்பில் எண்ணின் பொருளையே மாற்றுகிற விஷயம் ஏதாவது இருந்தால் அதுவும் இங்கே வர வேண்டும். ஒப்பிடுவதற்காக ஸ்கேன் படத்தை ஸ்லைடின் பின்னாலோ ஓரத்திலோ வைத்திருந்தீர்கள் என்றால் அதை நீக்கிவிடுங்கள், `Selection Pane` திறந்தால் ஒளிந்திருப்பதும் பட்டியலில் தெரியும். பிறகு கோப்பை பிடிஎஃப்பாக்கி, 1981 வரிசையில் 4.84ஐ மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எண் தேர்வாகி நகலெடுக்க வந்தால் அட்டவணை தயார்.